ஓபி-யில் ரிப்போர்ட் சொன்ன விதம் பற்றி ரிஃப்ளெக்ஷன் எழுதியிருக்கேன், திருத்திக் கொடுங்க

தேர்ட்இயர்_தேன்

சர்ஜரி போஸ்டிங்ல இருக்கேன். மருத்துவ ஒழுக்கமும் நோயாளிகிட்ட பேசற விதமும் சொல்லித்தர்ற ஏட்காம் பாடத்தோட லாக்புக்ல ஒரு ரிஃப்ளெக்ஷன் எழுதி வெள்ளிக்கிழமை வைக்கணும். எங்க ஃபார்மட்ல மூணே கேள்விதான்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. லாக்புக்ல இங்கிலீஷ்ல எழுதினதை இங்க தமிழ்ல போடறேன். மொழியைப் பார்க்க வேண்டாம், விஷயம் சரியா இருக்கான்னு சொல்லுங்க.

"இன்று அறுவை சிகிச்சை ஓபி-யில், பக்கத்து ஊரில் தறி ஓட்டும் 34 வயதுக்காரர் ஒருவர், கழுத்தில் எடுத்த நெறிக்கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டுக்காக வந்திருந்தார். மருத்துவர் கொஞ்சமும் மனிதாபிமானம் இல்லாமல், எல்லோர் முன்னிலையிலும், புற்றுநோய் என்று கடுமையாகச் சொல்லிவிட்டார். நோயாளி இடிந்துபோனார். எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. மருத்துவர் என்பவர் கருணையின் வடிவமாக இருக்க வேண்டும். நான் மருத்துவரானால் ஒருபோதும் இப்படி நடக்க மாட்டேன். நோயாளிகளிடம் அன்போடும் பரிவோடும் பேசுவேன்."

இது போதுமா? இன்னும் உருக்கமா எழுதணுமா?

குவார்ட்டர்ஸ் வாசி

உருக்கம் எல்லாம் வேண்டாம். கெட்ட செய்தி சொல்றதுக்கான ஸ்பைக்ஸ் முறையோட ஆறு படியையும் வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிரே "செய்யவில்லை"ன்னு போடு. ஃபேகல்ட்டி பார்த்ததும் கையெழுத்துப் போட்டுடுவாங்க.

இன்னொண்ணு, அந்த டாக்டரையும் கொஞ்சம் பாரு. காலை ஓபி-ல நூறு சீட்டு மேஜை மேல கிடக்கும். ஆறு படியும் ஏறி இறங்கினா சாயங்காலம் வரைக்கும் கியூ நிக்கும். புத்தகத்துல இருக்கிறது ஏசி ரூம்ல ஒருத்தருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கிற ஊருக்கு.

பழைய ஸ்டெதாஸ்கோப்

தேன், உன் டிராஃப்ட்ல தீர்ப்பு இருக்கு, சாட்சியம் இல்லை. "மனிதாபிமானம் இல்லாமல்", "கடுமையாக", "இடிந்துபோனார்" மூணுமே நீ எடுத்த முடிவு. எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தேன்னு ஒரு வரிகூட இல்லை. நாளைக்கு அதே டாக்டர் இதைப் படிச்சுட்டு "நான் கடுமையா பேசலையே, என் குரலே அப்படித்தான்"னு சொன்னா உன்கிட்ட பதில் இருக்காது.

குவார்ட்டர்ஸ் சொல்ற மாதிரி ஆறு படிக்கும் "செய்யவில்லை" போடறதும் இதே கோளாறுதான். ஸ்பைக்ஸ் 2000-ல வந்தது, புற்றுநோய் மருத்துவர்கள் தங்களுக்காக எழுதிக்கிட்டது. இடத்தைத் தயார் பண்ணு, அவருக்கு என்ன தெரியும்னு கேளு, எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறார்னு கேளு, விஷயத்தைச் சொல்லு, வர்ற உணர்ச்சிக்கு இடம் கொடு, அடுத்து என்னன்னு சேர்ந்து முடிவு பண்ணு. அவ்வளவுதான். அதை அப்படியே காப்பி அடிச்சு வச்சா, எந்த நோயாளிக்கும் எந்த டாக்டருக்கும் அந்தப் பக்கம் பொருந்திடும். அன்னைக்கு அந்த அறையில எந்தப் படி முதல்ல முறிஞ்சது, அதனால பின்னாடி என்னென்ன முறிஞ்சதுங்கிறதுதான் உன் பக்கத்துல இருக்க வேண்டியது.

அதனால இதுக்கெல்லாம் பதில் சொல்லு. யார் எங்க உட்கார்ந்திருந்தாங்க? டாக்டர் யாரைப் பார்த்துச் சொன்னார்? வாயில வந்த வார்த்தை என்ன, ஞாபகம் இருக்கிறபடி அப்படியே. சொல்லி முடிச்சதும் நோயாளி வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் என்ன? நீ அப்ப எதைப் பார்த்துக்கிட்டிருந்தே?

ஊர்க்குருவி

இப்படிப்பட்ட டாக்டரை விடக்கூடாது. மெடிக்கல் கவுன்சில்ல எழுதிக் கொடுங்க. டீன் ஆபீஸ்லயும் ஒரு காப்பி. அப்புறம் ஒரு சந்தேகம், எங்க அத்தைக்கும் கழுத்துல கட்டி, ஊசி போட்டு எடுத்த ரிப்போர்ட்ல "கிரானுலோமேட்டஸ்"னு எழுதியிருக்கு. இதுவும் கேன்சரா?

தேர்ட்இயர்_தேன்

@பழைய ஸ்டெதாஸ்கோப் சார், ஞாபகம் இருக்கிறதைச் சொல்றேன்.

நோயாளி ஸ்டூல்ல. அண்ணன் அவர் பின்னாடி நின்னார். மேஜையைச் சுத்தி நாங்க நாலு ஸ்டூடன்ட்ஸ், ஒரு பிஜி டாக்டர். கதவுகிட்ட அடுத்த ரெண்டு பேஷன்ட் உள்ளேயே வந்து நின்னுட்டாங்க. டாக்டர் ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு தலை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "இவருக்கு லிம்போமா. கேன்சர்தான். ஆன்காலஜி ஓபி செவ்வாய், வெள்ளி. ஐஎச்சி பார்க்கணும், பிளாக் வாங்கிட்டு அங்க போயிடுங்க." சொல்லிக்கிட்டே சீட்டுல எழுதினார். குரல் உயரலை, திட்டலை.

நோயாளி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சார், தையல் இன்னைக்கே பிரிச்சிடுவாங்களா?"ன்னு கேட்டார். டாக்டர் "டிரெஸ்ஸிங் ரூம் போங்க"ன்னார். அடுத்த சீட்டு வந்துடுச்சு. தையல் விஷயம் சம்பந்தமில்லாததுன்னு டிராஃப்ட்ல விட்டுட்டேன்.

நான் மேஜை மேல இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன். எல்லாருமே அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம்னு நினைக்கிறேன்.

பழைய ஸ்டெதாஸ்கோப்

சம்பந்தமில்லாததுன்னு விட்ட வரிதான் உன் ரிஃப்ளெக்ஷனே.

ஒருத்தர்கிட்ட புற்றுநோய்னு சொல்லியாச்சு. அவர் கேட்ட முதல் கேள்வி தையல் பத்தி. அவர் எதுக்கு வந்தார்னு யோசி. கழுத்துத் தையல் அஞ்சுலேருந்து ஏழு நாள்ல பிரிப்பாங்க, பயாப்ஸி ரிப்போர்ட்டும் ஏறக்குறைய அந்தச் சமயத்துலதான் வரும். அவர் மனசுல இன்னைக்கு வேலை தையல் பிரிக்கிறது. ரிப்போர்ட் அதோட சேர்ந்த ஒரு காகிதம். டாக்டர் சொன்ன செய்தி அவர் காதுல விழாம போயிருக்கலாம். விழுந்து, அதைத் தாங்காம, கைக்கு எட்டுற கேள்வி ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டிருக்கலாம். எதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா ரெண்டுல எதுவா இருந்தாலும், அதுக்கு முன்னாடி சொன்ன செவ்வாய், வெள்ளி, பிளாக், ஐஎச்சி எதுவும் உள்ளே போகலைங்கிறதுக்கு அந்தக் கேள்வியே அத்தாட்சி. "இடிந்துபோனார்"னு எழுதினா வாசிக்கிறவன் உன்னை நம்பணும். தையல் கேள்வியை எழுதினா அவனே பார்த்துக்குவான்.

இன்னொண்ணும் கவனி. "குரல் உயரலை, திட்டலை"ன்னு நீயே சொல்றே. அப்ப "கடுமையாக" எங்கிருந்து வந்தது? அவர் யாரைப் பார்த்துப் பேசினார்ங்கிறதுல இருந்து. நோயாளி ஸ்டூல்ல இருக்க, அவர் தலைக்கு மேல அண்ணன்கிட்ட "இவருக்கு"ன்னு சொல்லியிருக்கார். அந்த ஒரு "இவருக்கு"வை எழுது, "கடுமையாக"வை அடிச்சிடு.

அடுத்த கேள்வி. கழுத்துக் கட்டிக்கு முதல்ல அவர்கிட்ட என்ன சொல்லி வச்சிருந்தாங்க?

பயாப்ஸி பெட்டி

முதல்ல @ஊர்க்குருவிக்கு. அந்த வார்த்தை கேன்சரைக் குறிக்காது. நம்ம ஊர்ல கழுத்து நெறிக்கட்டியில அப்படி வந்தா முதல்ல டிபியைத்தான் நினைப்பாங்க. ஆனா ஒரு வார்த்தையை வச்சு இங்க யாரும் முடிவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. முழு ரிப்போர்ட்டோட அனுப்பின டாக்டர்கிட்டயே போங்க. மெடிக்கல் கவுன்சில் புகார் வேற பாதை. இந்தப் பொண்ணு கேட்கிறது வீட்டுப்பாடத்துக்கு.

இப்ப தேன். நீ ரிப்போர்ட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்னு சொன்னே. கடைசி வரி என்னன்னு ஞாபகம் இருக்கா? எங்க மேஜையிலிருந்து போற முதல் ரிப்போர்ட்டுல பெரும்பாலும் "லிம்போமா"ன்னு மட்டும் இருக்காது. "ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு ஒத்த தோற்றம், உறுதிசெய்ய ஐஎச்சி தேவை" என்கிற பாணியில இருக்கும். டாக்டரும் ஐஎச்சி பார்க்கணும்னு சொல்லியிருக்காரே, அதனாலதான் கேட்கிறேன். சாதாரண சாயத்துல பெரிய செல்களைப் பார்த்துச் சந்தேகப்படறோம். ஐஎச்சி-ல சிடி 30, சிடி 15 மாதிரி சாயங்களைப் போட்டுத்தான் வகையை உறுதி பண்றோம். அதுக்குப் புதுசா கழுத்தைக் கீற வேண்டாம், மெழுகுல பதிச்சு வச்ச அதே பிளாக் போதும்.

ஓபி-ல இருந்தவர் மூணு விஷயத்தை ஒரே மூச்சுல சொல்லியிருக்கார்: கேன்சர், இன்னும் டெஸ்ட் பார்க்கணும், பிளாக் வாங்கணும். முதல் சொல் விழுந்ததும் அடுத்த ரெண்டும் காத்துல போச்சு. இதுக்கு நடைமுறை விலை உண்டு. பிளாக்கும் ஸ்லைடும் வாங்காம நேரா ஆன்காலஜிக்குப் போறவங்களை அங்கிருந்து எங்க ஜன்னலுக்குத் திருப்பி அனுப்புவாங்க. நாங்க ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறதுக்குள்ள அன்னைக்கு ஓபி முடிஞ்சிடும். வாரத்துல ரெண்டு நாள்தான்னா அடுத்த வாய்ப்பு மூணு நாலு நாள் தள்ளி. தறிக்காரருக்குக் கூலி போன நாள் அதெல்லாம்.

குவார்ட்டர்ஸ் வாசி

அது நியாயமான பாயின்ட். ஆனா அண்ணன்கிட்ட சொன்னதைக் குத்தமா பார்க்கிறது எனக்கு ஒத்துக்கலை. நம்ம ஊர்ல முடிவெடுக்கிறது வீடு. நோயாளியை வெளியே அனுப்பிட்டு அண்ணன்கிட்ட தனியா சொல்லியிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை. மெடிக்கல் கவுன்சிலோட 2002 ஒழுக்க விதிகள்லயே நோயாளி, உறவினர், பொறுப்பான நண்பர்னு எல்லாரையும் சேர்த்துத்தானே சொல்லியிருக்கு? நோயாளிக்குத்தான் முதல்ல சொல்லணும்கிறது வெளிநாட்டு இறக்குமதி.

பழைய ஸ்டெதாஸ்கோப்

விதியைச் சரியாத்தான் படிச்சிருக்கே, பாதி வரைக்கும். நோயின் தீவிரத்தைக் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, நோயாளிக்கோ உறவினருக்கோ பொறுப்பான நண்பருக்கோ, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தர்ற அளவுக்கு விவரம் தெரிஞ்சிருக்கணும்கிறது அதோட சாரம். உறவினருக்கு இடம் இருக்கு, மறுக்கலை. ஆனா நோயாளியைத் தாண்டிக்கிட்டுப் போங்கன்னு அதுல இல்லை.

அடுத்து அவருக்கு கீமோ வரும். யார் கையெழுத்து? 34 வயசு, நல்ல நினைவோட இருக்கிறவருக்கு அண்ணன் போட முடியாது. சமீரா கோலி வழக்குல உச்ச நீதிமன்றம் 2008-ல இதைத் தெளிவா சொல்லிடுச்சு. அங்க மயக்கத்துல இருந்த பெண்ணுக்காக அம்மாகிட்ட சம்மதம் வாங்கினாங்க, அது செல்லாதுன்னு தீர்ப்பு. எதுக்குன்னு தெரியாம தர்ற சம்மதமும் சம்மதம் ஆகாது. ஆக, எப்படியும் அவருக்குத் தெரியத்தான் போகுது. ஆன்காலஜி வார்டு போர்டைப் படிச்சுத் தெரிஞ்சுக்கப் போறாரா, ஒருத்தர் வாயால கேட்டுத் தெரிஞ்சுக்கப் போறாரா என்பதுதான் மிச்சம்.

உன் கவலைக்கு வழி அந்த ஆறு படியில மூணாவதுல இருக்கு. அதை யாரும் கண்டுக்கிறதில்லை. அவரையே கேட்கணும்: "ரிப்போர்ட் பத்திப் பேசணும். அண்ணன் கூட இருக்கலாமா? எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லவா, இல்ல அண்ணன்கிட்ட சொன்னா போதுமா?" நிறைய பேர் "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க சார்"னுதான் சொல்லுவாங்க. அப்ப அண்ணன்கிட்ட சொல்றது அவர் கொடுத்த அனுமதி. கேட்காம அண்ணன்கிட்ட சொல்றது வேற விஷயம்.

அதுவும் இந்த டாக்டர் நீ சொல்ற மாதிரி தனியாவும் சொல்லலை. நோயாளி காதுபட அண்ணன்கிட்ட சொல்லியிருக்கார். குடும்பம் மறைக்கவும் முடியாது, நோயாளி கேள்வி கேட்கவும் இடமில்லை.

குவார்ட்டர்ஸ் வாசி

சரி, கதவுக்கு வெளியவே அண்ணன் வந்து "அவன்கிட்ட சொல்லிடாதீங்க, உசிரை விட்டுடுவான்"னு கையைப் பிடிச்சா? தினமும் நடக்குது.

பழைய ஸ்டெதாஸ்கோப்

எதுக்குப் பயப்படறீங்கன்னு அண்ணனைக் கேட்கணும். பெரும்பாலும் ஏற்கெனவே வீட்டுல ஒருத்தர் போன கதை வரும். அதைக் கேட்டுக்கிட்டு ரெண்டு விஷயம் சொல்லலாம்: "அவர் கேட்காததை நான் வலிஞ்சு திணிக்க மாட்டேன். அவரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்." இதுக்கு மேல எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். சில வீடுகள்ல இதுவும் முட்டிக்கும்.

நைட் டியூட்டி சிஸ்டர்

நேரம் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க, அதுக்கு ஒரு வார்த்தை. சர்ஜரி ஓபி-ல தனி அறை கிடைக்காது, அது வாஸ்தவம். ஆனா எக்ஸாமினேஷன் மூலையில ஒரு ஸ்கிரீன் இருக்கும். ரிப்போர்ட் நல்லதில்லைன்னு முன்கூட்டியே தெரிஞ்சா, அந்தச் சீட்டைக் கடைசியில வைங்கன்னு சொன்னா போதும், நாங்க ஒதுக்கி வச்சிடுவோம். கதவுகிட்ட நிக்கிறவங்களை வெளியே நிறுத்தறதும் எங்க வேலைதான், சொன்னா செய்வோம். ஸ்டூடன்ட்ஸ் நாலு பேர்ல மூணு பேர் நகர்ந்துக்கணும். இதுக்கெல்லாம் ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ரிப்போர்ட்டை முன்னாடியே படிக்கணும்கிறதுதான் முக்கியம். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது முதல்முறையா பிரிச்சுப் படிச்சா, டாக்டர் முகம் மாறுறதை அவர் பார்த்துடுவார். அங்கயே பாதி சொல்லியாச்சு.

தையல் பிரிக்க டிரெஸ்ஸிங் ரூம் வந்திருப்பார் இல்லையா? அங்கதான் கேள்வி வரும். படுக்க வச்சு கத்தரியை எடுத்ததும், "சிஸ்டர், டாக்டர் என்ன சொன்னார்?"ன்னு கேட்பாங்க. அவர்கிட்ட என்ன சொல்லியிருக்குன்னு எங்களுக்குச் சீட்டுல எழுதி அனுப்பினா நாங்க ஒண்ணுகிடக்க ஒண்ணு உளற மாட்டோம். அந்தச் சீட்டுல "தையல் அகற்றவும்"னு மட்டும்தான் இருந்திருக்கும்.

தேர்ட்இயர்_தேன்

ரிப்போர்ட் கடைசி வரி பயாப்ஸி பெட்டி சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு, உறுதிசெய்ய ஐஎச்சின்னு.

@பழைய ஸ்டெதாஸ்கோப் சார், நீங்க கேட்டதை பிஜி அண்ணாகிட்ட விசாரிச்சேன். முதல் விசிட்ல "டிபி கட்டியா இருக்கலாம், எடுத்துப் பார்த்துடலாம்"னுதான் சொல்லியிருக்காங்க. ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதா அண்ணன் சொல்லியிருக்கார்.

பழைய ஸ்டெதாஸ்கோப்

அப்ப முதல்ல முறிஞ்ச படி எதுன்னு கிடைச்சிடுச்சு. அவர் டிபிக்குத் தயாரா வந்திருக்கார். ஆறு மாச மாத்திரைக்கு மனசைத் திடப்படுத்திக்கிட்டு வந்தவர்கிட்ட வேற நோய் பேர் சொல்லியிருக்காங்க. "கட்டி பத்தி உங்ககிட்ட இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா, டிபின்னு பதில் வந்திருக்கும். எவ்வளவு தூரத்துலேருந்து அவரைக் கூட்டிக்கிட்டு வரணும்னு டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும்.

இதே அறையில, இதே கூட்டத்துல, எப்படிச் சொல்லியிருக்கலாம்னு "அதனால் என்ன" பகுதியில எழுது. உதாரணத்துக்கு:

"உட்காருங்க. கட்டியைப் பத்தி என்ன சொல்லியிருந்தாங்க?"

"டிபியா இருக்கும்னாங்க."

"ஆமா, நாங்களும் அதைத்தான் முதல்ல நினைச்சோம். ரிப்போர்ட் வந்திருக்கு. நினைச்ச மாதிரி இல்லை, கொஞ்சம் பெரிய விஷயம். அண்ணன் கூட இருக்கட்டுமா?" இங்க நிறுத்தணும். தலையாட்டற வரைக்கும்.

"நெறிக்கட்டியில வர்ற ஒரு வகைப் புற்றுநோய் மாதிரி தெரியுது. எந்த வகைன்னு உறுதிப்படுத்த, எடுத்த அதே கட்டியிலயே இன்னொரு டெஸ்ட் பார்க்கணும். திரும்பக் கீற வேண்டாம்."

மறுபடியும் நிறுத்தணும். இந்த இடத்துலதான் எல்லாரும் தோத்துப் போறோம். மௌனம் வந்ததும் பயந்துபோய் விவரத்தைக் கொட்டுவோம். அவர் ஏதாவது பேசற வரைக்கும் டாக்டர் பேசக்கூடாது. பத்துப் பதினஞ்சு விநாடி ஆகும், அரை மணி நேரம் மாதிரி இருக்கும். அப்புறம் அவர் "தையல் பிரிச்சிடுவாங்களா"ன்னே கேட்டாலும், "பிரிச்சிடுவாங்க. நான் சொன்னது கேட்டுச்சா, திடுக்குன்னு இருக்கா?"ன்னு அங்கிருந்து பிடிக்கலாம்.

ஓபி நாள், பிளாக், லேப் ஜன்னல் எல்லாம் இதுக்கு அப்புறம், அதுவும் காகிதத்துல. தையல் பிரிச்சுட்டு வாங்க, எழுதி வச்சிருக்கேன்னு சொன்னா அவருக்கும் ஒரு இடைவெளி. கடைசியில, "வீட்டுல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?"ன்னு கேட்டு அவர் வாயாலயே சொல்ல வைக்கணும். தப்பா சொன்னா அங்கயே திருத்திடலாம். மொத்தமா நாலஞ்சு நிமிஷம். குவார்ட்டர்ஸ், நூறு சீட்டுல இப்படிப்பட்ட சீட்டு எத்தனை இருக்கும், நீயே சொல்லு.

குவார்ட்டர்ஸ் வாசி

ஒண்ணு, ரெண்டு. சரி, விடுங்க. ஆனா ஹாட்ஜ்கின் நல்லா குணமாகிற வகைதானே, அதை முதல் வாக்கியத்துலயே சொல்லியிருந்தா பாதி பயம் போயிருக்குமே?

பயாப்ஸி பெட்டி

வகை உறுதியாகலை, எந்த ஸ்டேஜ்னு பார்க்கலை. அதுக்குள்ள "குணமாயிடும்"னு சொல்லிட்டு, ஐஎச்சி வேற வகையைக் காட்டினா அந்த வாக்கை யார் திரும்ப வாங்கறது? "இதுல நல்லா மருந்துக்குக் கேட்கிற வகைகள் உண்டு, உங்களுடையது எதுன்னு டெஸ்ட் வந்ததும் பேசலாம்"னு சொல்லலாம். அதுவும் அவர் கேட்ட பிறகு.

லீட்ஸ்காரன்

டிராஃப்ட்ல வேற ஒரு சிக்கல் இருக்கு. வயசு, தொழில், ஊர், நோய், கிளினிக் நாள் எல்லாம் இருக்கு. பேர் இல்லைன்னாலும் அந்த ஊர்ல யார் படிச்சாலும் ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க. டாக்டரையும்தான். "முப்பதுகளில் ஓர் ஆண், தினக்கூலி" போதும். ரிஃப்ளெக்ஷனுக்குத் தேவை அவர் டிபியை எதிர்பார்த்து வந்தார்ங்கிறது, தறி இல்லை. இங்க ஃபோரம்ல போட்டதையும் எடிட் பண்ணிடு.

குவார்ட்டர்ஸ் வாசி

ஆமா ஆமா. இங்கிலாந்துல ஒரு டாக்டர் எழுதின ரிஃப்ளெக்ஷன் டைரியையே கோர்ட்டுல காட்டி தண்டனை வாங்கிக் கொடுத்தாங்களே. அதனால நல்லதா நாலு வரி எழுதிட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம்.

லீட்ஸ்காரன்

பாவா-கார்பா வழக்கைச் சொல்றே. அப்படித்தான் எல்லா வாட்ஸப் குரூப்லயும் சுத்துச்சு. அவரோட இ-போர்ட்ஃபோலியோ ஜூரி முன்னாடி ஆதாரமா வைக்கப்படலை. டாக்டர் பதிவேட்டுலேருந்து அவர் பேரை நீக்கினது 2018 ஜனவரி, அதே வருஷம் ஆகஸ்ட்ல அப்பீல் கோர்ட் திரும்பச் சேர்த்துச்சு. டாக்டர்கள் மேல விசாரணை வந்தா ரிஃப்ளெக்ஷன் குறிப்பைக் கேட்க மாட்டோம்னு இங்க டாக்டர்களைப் பதிவு பண்ற ஜிஎம்சி சொல்லுது. ஆனாலும் யார் கைக்கும் போகலாம்கிற நினைப்போடதான் எழுதணும். அதுக்காக வெறும் பஞ்சு மாதிரி எழுதணும்னு இல்லை. பார்த்ததை மட்டும் எழுதினா பயப்பட ஒண்ணுமில்லை. "மனிதாபிமானம் இல்லாதவர்"னு எழுதறதுதான் வம்பு.

தேர்ட்இயர்_தேன்

மேல இருக்கிற போஸ்ட்ல எடிட் ஆப்ஷன் மூடிடுச்சு, மாடரேட்டருக்கு எழுதியிருக்கேன். மறுபடி எழுதினது இது. "இனி என்ன"தான் வரலை. ஸ்டூடன்ட் நான் டயக்னோசிஸ் சொல்லவே கூடாது, அப்ப என்ன பிளான் போடறது?

"என்ன நடந்தது: முப்பதுகளில் ஓர் ஆண், கழுத்துக் கட்டியின் பயாப்ஸி முடிவுக்கும் தையல் பிரிக்கவும் வந்தார். கட்டி டிபியாக இருக்கலாம் என்று முன்பு சொல்லப்பட்டிருந்தது. அறையில் அவரையும் உறவினரையும் டாக்டரையும் தவிர ஏழு பேர் இருந்தோம். டாக்டர் உறவினரைப் பார்த்து 'இவருக்கு லிம்போமா, கேன்சர்தான்' என்றார். அதே மூச்சில் ஓபி நாள்களையும் பிளாக் வாங்குவதையும் சொன்னார். நோயாளி சற்று நேரம் பேசவில்லை. பிறகு 'தையல் இன்றைக்கே பிரித்துவிடுவார்களா' என்று கேட்டார். நான் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் என்ன: அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கப்படவில்லை. டிபியை எதிர்பார்த்து வந்தவருக்குப் புற்றுநோய் என்ற சொல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வந்தது. அதற்குப் பின் சொன்ன எதுவும் அவரிடம் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. தையல் பற்றிய கேள்வி அதைக் காட்டுகிறது. ரிப்போர்ட்டில் இருந்த 'உறுதிசெய்ய வேண்டும்' என்பதும் பேச்சில் கரைந்துபோனது. பிளாக் வாங்காமல் அவர் ஆன்காலஜிக்குப் போனால் அந்த நாள் வீணாகும்."

பழைய ஸ்டெதாஸ்கோப்

இது நிக்கும். "எனக்கு வேதனை"ன்னு எழுதாமலே, எங்க பார்த்துக்கிட்டிருந்தேன்னு எழுதினது போதும்.

"இனி என்ன"வுக்கு, சரிபார்க்க முடியற மாதிரி ஒண்ணு எழுது. "பரிவோடு பேசுவேன்"னு எழுதினா செஞ்சியா இல்லையான்னு யாரும் சொல்ல முடியாது. இந்தப் போஸ்டிங்ல அடுத்து எடுக்கப்போற அஞ்சு கேஸ் ஹிஸ்டரியில, "உங்க நோய் பத்தி உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?"ன்னு கேட்டு, பதிலை அவங்க வார்த்தையிலேயே எழுதி வை. கேஸ் ஷீட்டுல இருக்கிற டயக்னோசிஸோட பக்கத்துல வச்சுப் பாரு. இது ஸ்டூடன்ட் எல்லைக்குள்ளதான் இருக்கு. அவங்க உன்கிட்டயே "எனக்கு என்ன"ன்னு திருப்பிக் கேட்டா, "டாக்டர்கிட்ட சொல்லி உங்ககிட்ட பேச வைக்கிறேன்"னு சொல்லிட்டு, உண்மையிலேயே போய் பிஜிகிட்ட சொல்லணும்.

ரெண்டாவது, இப்படி ஒண்ணு மறுபடி நடந்தா டிரெஸ்ஸிங் ரூம் வரைக்கும் கூடப் போறது. விளக்கம் சொல்ல இல்லை. அவருக்கு என்ன புரிஞ்சிருக்குன்னு பார்த்து வந்து பிஜிகிட்ட சொல்ல.

நைட் டியூட்டி சிஸ்டர்

இந்த நோயாளி விஷயத்தையே இப்ப செய்யலாமே? பிளாக் வாங்கினாரான்னு லேப் ரிஜிஸ்டர்ல பிஜி ஒரு வரி பார்த்தா தெரிஞ்சிடும். வாங்கலைன்னா ஓபி சீட்டுல இருக்கிற போன் நம்பருக்கு டிபார்ட்மென்ட்லேருந்து கூப்பிடலாம். நீ கூப்பிடாதே, டிபார்ட்மென்ட் கூப்பிடணும்.

தேர்ட்இயர்_தேன்

பிஜி அண்ணாகிட்ட கேட்கிறேன் சிஸ்டர். கடைசியா ஒண்ணு. லாக்புக்ல கையெழுத்துப் போடறது அதே யூனிட். அதே டாக்டராவும் இருக்கலாம். இதை அப்படியே கொடுக்கவா?

குவார்ட்டர்ஸ் வாசி

கொடுக்காதே. வேற கேஸ் எழுதிக் கொடு, இதை உன்கிட்ட வச்சுக்கோ. இன்டர்னல் மார்க் அவங்க கையில இருக்கு.

பழைய ஸ்டெதாஸ்கோப்

எனக்கு அதுல உடன்பாடில்லை. இதுல குத்தம்சாட்டற சொல் ஒண்ணுகூட இல்லை. ஏட்காம் ஒருங்கிணைக்கிற ஆசிரியர் வேற டிபார்ட்மென்ட்ல இருப்பார், முதல்ல அவர்கிட்ட காட்டு.

பயாப்ஸி பெட்டி

ஒருங்கிணைப்பாளர் கையெழுத்தை யூனிட் ஒத்துக்குமாங்கிறது காலேஜுக்குக் காலேஜ் மாறும். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி கேட்டுடு. "ஏழு பேர்"ங்கிறதையும் ஒரு தடவை எண்ணிப் பாரு. நாலு ஸ்டூடன்ட், ஒரு பிஜி, கதவுகிட்ட ரெண்டு பேர், அது ஏழு. சிஸ்டர் யாரும் உள்ளே இல்லையா?